ஒரு வரிக் கேள்வி

சென்ற வாரம் எங்கள் காரியாலயத்துக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. முத்து முத்தான கையெழுத்து. ஆனால் அட்டையில் முக்கால் பங்கு காலியாக இருந்தது. எழுதியிருந்தது இவ்வளவுதான்: “நன்றாகப் படிப்பதற்கு என்ன வழி? தயவு செய்து பதில் எழுதவும்.”

கீழே கையெழுத்து இல்லை, விலாசமும் இல்லை. எழுதியவர் பத்து வயதுப் பையனா, கல்லூரி மாணவியா, இலாகாப் பரீட்சைக்குப் படிக்கும் குமாஸ்தாவா, அல்லது மகனுக்காகக் கவலைப்படும் ஒரு தாயாரா? எந்தப் பாடம்? இப்போது எப்படிப் படிக்கிறார்? எங்கே இடிக்கிறது? ஒன்றுமே தெரியவில்லை.

ஆசிரியர் அந்த அட்டையை என் மேஜைமீது போட்டு, “நீங்கள்தான் காலேஜில் படித்தவராயிற்றே, ஒரு பதில் எழுதுங்களேன்” என்றார்.

பதிலா பிரமாதம்? பேனாவை எடுத்தேன். “விடியற்காலையில் எழுந்து படிக்கவும். கால அட்டவணை போட்டுக்கொள்ளவும். மனத்தை அலையவிடாமல் ஒருமுகப்படுத்தவும்” என்று மூன்று வாக்கியங்கள் எழுதினேன். நாலாவது வாக்கியத்துக்கு வரும்போது பேனா நின்றுவிட்டது. இதே மூன்று வாக்கியங்களை இதற்கு முன்பு ஒரு தடவை நான் சொல்லியிருக்கிறேன். அதனால் விளைந்ததும் எனக்குத் தெரியும். காகிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டேன்.

அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

என் அக்கா திருச்சியில் இருக்கிறாள். அவளுக்கு ஒரே பெண். பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் உண்டென்றாலும் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். சென்ற ஆண்டு பாப்பா பத்தாம் வகுப்பில் இருந்தாள். காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் அக்கா டெலிபோன் செய்தாள்.

“ஸயன்ஸில் 75-க்கு 31-தான் வாங்கியிருக்கிறாள். நாள் பூராவும் புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறாள். நன்றாகப் படிக்க ஏதாவது வழி சொல்லேன், நீ படித்தவளாயிற்றே!”

நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விடியற்காலை, அட்டவணை, ஒருமுகம் என்று அந்த மூன்றையும் சொல்லிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு டெலிபோனை வைத்தேன்.

பாப்பா சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். நாலு மணிக்கு எழுந்தாள். ஒன்றரை மணி நேரம் கூடுதலாகப் படித்தாள். வகுப்பில் பதினொரு மணிக்கெல்லாம் கண்ணைச் சொக்கிக்கொண்டு வந்தது. அடுத்து வந்த மாதாந்தரப் பரீட்சையில் ஸயன்ஸில் 50-க்கு 18. கணக்குப் போட்டுப் பார்த்தால் முன்னைவிடக் குறைவு!

அத்தான் கோபக்காரர் அல்ல. ஆனால் காரியவாதி. “இவ்வளவு பாடுபட்டும் வரவில்லை என்றால் இவளுக்கு ஸயன்ஸ் வராது என்றுதானே அர்த்தம்? பிளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப்பில் சேர்த்துவிடலாம்” என்று சொல்லிவிட்டார். பாப்பாவுக்கோ சின்ன வயதிலிருந்து நர்ஸ் வேலையில்தான் ஆசை. உயிரியல் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போவது கஷ்டம். அவள் எதிர்த்துப் பேசவில்லை. “எனக்கு மூளை அவ்வளவுதான் சித்தி” என்று மட்டும் டெலிபோனில் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. நான் சொன்ன யோசனையின்படி நடந்து தோற்றவள் அல்லவா அவள்?

தீபாவளிக்கு நாலு நாள் லீவு கிடைத்தது. திருச்சிக்குப் போனேன். இந்தத் தடவை ஒரு யோசனையும் சொல்வதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு, முதல் நாள் அவள் படிப்பதைச் சும்மா உட்கார்ந்து பார்த்தேன்.

இருதயத்தில் இரத்தம் ஓடும் விதத்தைப் பற்றிய பாடம். பாப்பா வாய்விட்டுப் படித்தாள். மஞ்சள் பேனாவால் கோடு போட்டாள். மறுபடியும் படித்தாள். மூன்றாம் தடவை படித்தபோது பக்கத்தைப் பார்க்காமலேயே பாதி வாக்கியங்கள் வாயில் வந்தன. முக்கால் மணி நேரம் ஆயிற்று. “இந்தப் பாடம் தெரிந்துவிட்டது சித்தி” என்று முகமலர்ச்சியோடு எழுந்தாள்.

“அப்படியானால் புத்தகத்தை மூடிவிட்டு, காலிலிருந்து திரும்பி வரும் இரத்தம் மறுபடியும் உடம்புக்குப் போகிற வரையில் எந்த எந்த இடத்தைக் கடக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதேன்” என்றேன்.

மொத்தம் பதினொரு இடங்கள். பாப்பா ஐந்து எழுதினாள். அவற்றிலும் வரிசை மாறியிருந்தது. நுரையீரல் தமனியை இடது பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தாள். “தமனி என்றால் நல்ல இரத்தம்தானே, சித்தி?” என்றாள். அங்கேதான் விதிவிலக்கு இருக்கிறது. நுரையீரலுக்குப் போகும் தமனி கெட்ட இரத்தத்தைக் கொண்டுபோகிறது. அங்கிருந்து வரும் சிரைதான் நல்ல இரத்தத்தைக் கொண்டுவருகிறது. அந்த வரியின்மேல் மஞ்சள் கோடு பளிச்சென்று இருந்தது!

அப்போது எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. பாப்பா பொய் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிந்த மாதிரிதான் இருந்தது. தினம் பார்க்கிற தெருக்கடைக்காரரின் முகம் எதிரே வந்தால் தெரிகிறது. அவரை நினைவிலிருந்து வரையச் சொன்னால் நம்மில் எத்தனை பேரால் முடியும்? பார்த்தால் அடையாளம் தெரிவது ஒன்று. பார்க்காமல் எடுத்துச் சொல்வது வேறு. பரீட்சை கேட்பது இரண்டாவதை. பாப்பா பழகிக்கொண்டிருந்ததோ முதலாவதை.

ஆனால் இது ஒன்றுதான் அவள் கஷ்டமா? மறுபடியும் அவசரப்பட்டு மருந்து கொடுத்து ஏமாற நான் தயாராக இல்லை. “உன் காலாண்டு ஸயன்ஸ் விடைத்தாள் எங்கே?” என்று கேட்டேன். பீரோவின் அடியிலிருந்து, நாலாக மடித்து, வந்தது.

அன்று இரவும் மறுநாள் இரவும் நாங்கள் இருவரும் செய்த காரியத்தை எந்த வீட்டிலும் செய்யலாம். செலவு ஒரு ரஃப் நோட்டுதான்.

அவள் வாங்கிய 31-ஐ நாங்கள் பார்க்கவே இல்லை. இழந்த 44 மார்க்கைத்தான் பார்த்தோம். மார்க் போன ஒவ்வொரு கேள்வியையும் எடுத்துக்கொண்டு மூன்று சோதனைகள் வைத்தோம். முதலில், புத்தகத்தைத் திறக்காமல் அதே கேள்விக்கு இப்போது பதில் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் பாடம் தெரிந்திருக்கிறது. மார்க் போனது பரீட்சை எழுதிய விதத்தால். சொல்ல முடியாவிட்டால் இரண்டாவது சோதனை: ஒரே ஒரு சொல் எடுத்துக் கொடுப்பேன். “நுரையீரலுக்குப் போன பிறகு...?” என்று நான் ஆரம்பித்ததும் மீதியை அவள் மளமளவென்று சொன்னால், பாடம் உள்ளே போயிருக்கிறது, மறந்துபோயிருக்கிறது. அதற்கும் வரவில்லை என்றால் மூன்றாவது: புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே, அதில் உள்ளதைத் தன் சொந்த வார்த்தையில் எனக்குச் சொல்ல வேண்டும். புத்தகம் எதிரே இருந்தும் சொல்ல முடியவில்லை என்றால், அது மறதி இல்லை. பாடமே புரியவில்லை என்று அர்த்தம்.

நோட்டில் மூன்று பத்தி போட்டு மார்க்குகளைப் பிரித்தோம். முடிவு இப்படி இருந்தது: பரீட்சை எழுதிய விதத்தால் போனது 9. மறதியால் போனது 25. புரியாததால் போனது 10.

இந்த மூன்று எண்களையும் பார்த்ததும் நான் வெட்கிப்போனேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, ஏற்கெனவே பலன் தராத அதே வாசிப்பை இன்னும் ஒன்றரை மணி நேரம் செய் என்றல்லவா நான் சொல்லியிருக்கிறேன்! மூன்று குவியலில் எதற்குமே அது மருந்து இல்லை. தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

முதலில் பெரிய குவியலைப் பார்த்தோம். மறதிக்கு மருந்து மறுபடி மறுபடி படிப்பதுதான் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். இதைப் பற்றி 2006-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் செய்தது. மாணவர்களுக்கு ஒரு சிறு பாடத்தைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு ஒரு தடவை அதையே திரும்பப் படிக்கச் செய்தார்கள். இன்னொரு தடவை, வேறொரு பாடத்துக்கு, தாளை வாங்கிக்கொண்டு ஞாபகம் வந்ததை எல்லாம் எழுதச் செய்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது, திரும்பப் படித்த பாடத்தில் நூற்றுக்கு 81 பங்கு ஞாபகம் இருந்தது. எழுதிப் பார்த்ததில் 75 பங்கு. படித்ததுதான் ஜயித்தது! ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கதை தலைகீழாயிற்று. திரும்பப் படித்ததில் மிஞ்சியது 42 பங்கு. எழுதிப் பார்த்ததில் 56 பங்கு.

பாப்பா முகமலர்ச்சியோடு எழுந்தாளே, அதன் ரகசியம் இதில் இருக்கிறது. படித்து முடித்த ஐந்தாவது நிமிஷத்தில் எல்லாம் தெரிகிற மாதிரிதான் இருக்கும். பரீட்சை ஐந்தாவது நிமிஷத்தில் வருவதில்லையே!

ஆகவே நாங்கள் மஞ்சள் பேனாவை மேஜை டிராயரில் போட்டோம். புது ஏற்பாடு இதுதான். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல் ஒரு பகுதியை ஒரே தடவை, நிதானமாகப் படிப்பது. புத்தகத்தை மூடி, கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது. ரஃப் நோட்டில், அழகையும் கையெழுத்தையும் பாராமல், ஞாபகம் வந்ததைப் பத்து நிமிஷம் எழுதுவது. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதையும் தப்பாக எழுதியதையும் சிவப்பு மசியால் திருத்துவது. கடைசியில் மறுபடியும் மூடிவிட்டு, அந்தச் சிவப்பு இடங்களை மட்டும் இன்னொரு தடவை எழுதிப் பார்ப்பது. மறுநாள் புதுப் பாடம் தொடங்குவதற்கு முன்னால், நேற்றையதை ஐந்து நிமிஷம் இதே மாதிரி. அப்புறம் மூன்றாவது நாள். அதற்கும் அப்புறம் ஒரு வாரம் கழித்து.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்யும்போது மூன்று தொல்லைகள் வந்தன.

முதல் தொல்லை கண்ணீர். இரண்டாவது பாடத்தில் அவளால் நாலு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. “முன்னே எல்லாம் படித்தால் தெரிந்தது. நீங்கள் வந்த பிறகு ஒன்றுமே தெரியவில்லை” என்று அழுதுவிட்டாள். அவள்மேல் குற்றமில்லை. மூடிவிட்டு எழுதினால் ஓட்டை கண்ணுக்குத் தெரிகிறது. திறந்துவைத்துப் படித்தால் தெரிவதில்லை. முன்பும் ஓட்டை இருந்தது என்பதற்கு அந்த 25 மார்க்கே சாட்சி. நோட்டைப் புரட்டி அதைக் காட்டின பிறகுதான் சமாதானம் ஆனாள்.

இரண்டாவது, எட்டிப் பார்க்கும் ஆசை. ஒரு சொல் வராதபோது கை தானாகப் புத்தகத்துக்குப் போகும். அங்கே ஓரிரண்டு நிமிஷம் திண்டாட விட வேண்டும். தேடித் தேடி எடுக்கிற அந்தத் திண்டாட்டத்தினால்தான் அந்தச் சொல் பிறகு நிலைக்கிறது.

மூன்றாவது, திருத்தாமல் விடுவது. எழுதின களைப்பில், “சரியாகத்தான் இருக்கும்” என்று நோட்டை மூடிவிட்டால், நுரையீரல் தமனியில் நல்ல இரத்தம் ஓடுகிறது என்ற தப்பே மனத்தில் உறைந்துவிடும். சிவப்பு மசி இல்லாத எழுத்துப் பயிற்சி ஆபத்தானது.

இருதயப் பாடத்தில் அவள் கணக்கைச் சொல்கிறேன். முதல் நாள், சிவப்புத் திருத்தத்துக்குப் பிறகு, பதினொன்றில் எட்டு. மறுநாள் ஏழு, ஒன்று குறைந்துவிட்டதே என்று முகம் வாடியது. ஒரு நாள் இடைவெளியில் கொஞ்சம் மறப்பது இயற்கைதான். மூன்றாம் நாள் பத்து. நான் சென்னைக்குத் திரும்பின பிறகு, அக்கா புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள, டெலிபோனில் பதினொன்றையும் வரிசையாக ஒப்பித்தாள். மொத்தம் அந்தப் பாடத்துக்குச் செலவான நேரம் முன்னைவிட அதிகமில்லை. நாலு நாளில் பரப்பிவைத்தோம், அவ்வளவுதான். விடியற்காலைப் படிப்பையும் நிறுத்திவிட்டு, ஆறு மணி வரையில் தூங்கச் சொல்லிவிட்டேன்.

இனிப் புரியாததால் போன அந்த 10 மார்க். இந்தக் குவியலில் மூடிவைத்து எழுதும் வித்தை பலிக்காது. புரியாததை ஞாபகத்திலிருந்து எழுதினால் புரியாததே மனப்பாடம் ஆகும்.

அதில் பெரும் பகுதி மின்சாரப் பாடத்தில் வரும் கணக்குகள். ஒரு கேள்வி: 6 ஓம், 3 ஓம் மின்தடைகள் இரண்டைப் பக்க இணைப்பில் இணைத்தால் மொத்தத் தடை எவ்வளவு? பாப்பா 4.5 ஓம் என்று எழுதியிருந்தாள். டீச்சர் பெருக்கல் குறி போட்டிருந்தார். பெளதிகம் தெரியாத பெண் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

“எப்படிப் போட்டாய், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடு” என்றேன். புத்தகம் திறந்தே இருந்தது. சூத்திரத்தைச் சரியாக எழுதினாள்:

1/R = 1/6 + 1/3

அடுத்த வரியில் 2/9 என்று எழுதினாள். அதைத் தலைகீழாக்கி 9/2, அதாவது 4.5 என்று முடித்தாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெளதிகத்தில் அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. பின்னத்தைக் கூட்டும்போது மேலே இருப்பதை மேலோடும், கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டியிருக்கிறாள்! நாலைந்து வருஷத்துக்கு முன்னால் கற்றிருக்க வேண்டிய சங்கதி. எங்கேயோ ஓர் அம்மையோ காய்ச்சலோ வந்து பள்ளிக்கூடம் போகாத நாட்களில் விட்டுப்போயிருக்கலாம், யாருக்குத் தெரியும்? அதற்குப் பிறகு எந்தப் பாடத்தில் பின்னம் வந்தாலும் அது “எனக்கு வராத பாடம்” ஆகிவிட்டது.

அக்கா சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தோசையை வாங்கி வந்து, மூன்று சம பங்காக வெட்டினேன். “இதில் ஒரு பங்கு மூன்றில் ஒன்று. இதோ இன்னொரு பங்கைப் பாதியாக வெட்டுகிறேன். அது ஆறில் ஒன்று. இரண்டையும் சேர்த்து உன் தட்டில் வைக்கிறேன். ஒன்பதில் இரண்டுதான் இருக்கிறது என்கிறாய். மூன்றில் ஒன்று என்பதே ஒன்பதில் மூன்றாயிற்றே! சேர்த்த பிறகு குறைந்துவிட்டதே, மீதித் தோசையை யார் தின்றது?”

பாப்பா தட்டைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். பிறகு தானே அந்த மூன்றில் ஒன்றையும் இரண்டாக வெட்டினாள். “ஆறில் இரண்டும் ஆறில் ஒன்றும்... ஆறில் மூன்று. பாதித் தோசை!” என்றாள். பாதி என்றால் 1/2. தலைகீழாக்கினால் 2 ஓம்.

“4.5 என்று விடை வந்தபோதே சந்தேகப்பட்டிருக்கலாம்” என்றேன். பக்க இணைப்பில் மின்சாரத்துக்கு இரண்டு வழி கிடைக்கிறது. ஒரு வாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு வாசல் திறந்த மாதிரி. தடை குறையத்தான் வேண்டும். இருக்கிற தடைகளில் சின்னதான 3 ஓமைவிட விடை பெரிதாக வந்தால், எங்கோ தப்பு என்று விடையே சொல்லிவிடும்.

புரியாத குவியலில் மருந்து இதுதான். தப்பு வந்த இடத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் பின்னால் நடந்து, கால் முதலில் எங்கே சறுக்கியது என்று பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் இந்த வருஷத்துப் புத்தகத்தில் இராது. பின்னக் கணக்குகளைத் தினம் பத்து என்று மூன்று வாரம் போடச் சொன்னேன். நான் ஊருக்குத் திரும்பிய பிறகு, சின்ன வகுப்புக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் பக்கத்து வீட்டு அம்மாள் அவற்றைத் திருத்திக் கொடுத்தார்கள்.

மிச்சம் பரீட்சை எழுதிய விதத்தால் போன 9 மார்க். “வேறுபாடு எழுதுக” என்ற கேள்விக்கு ஒரு பக்கத்தை மட்டும் எழுதியிருந்தாள். இரண்டு மார்க் கேள்விகளுக்கு அரைப் பக்கம் எழுதிவிட்டு, கடைசிப் பெரிய கேள்வியைத் தொடவே இல்லை. இதற்குப் பாடம் படித்துப் பயனில்லை. பழைய கேள்வித்தாளைக் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு எழுதிப் பழக வேண்டும்.

டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை வந்தது. பாப்பா 75-க்கு 45 வாங்கினாள். பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. வகுப்பில் அவளைவிட அதிகம் வாங்கினவர்கள் எத்தனையோ பேர். ஆனால் விடைத்தாள் கைக்கு வந்த அன்றே, யாரும் சொல்லாமல், அவளே ரஃப் நோட்டில் மூன்று பத்தி போட்டு, டெலிபோனில் எனக்குப் படித்துக் காட்டினாள். இழந்தது 30. மறதி 25-லிருந்து 11 ஆகிவிட்டது. புரியாதது 10-லிருந்து 8-க்குத்தான் இறங்கியிருந்தது. பின்னம் சரியாயிற்று, ஆனால் ரசாயனத்தில் சமன்பாடுகள் இன்னும் தகராறு. பரீட்சை எழுதும் விதத்தில் 9 போய் 11 ஆகியிருந்தது!

“இது மட்டும் ஏன் சித்தி ஏறிப்போச்சு?” என்றாள்.

“இப்போது எழுதுவதற்கு உன்னிடம் அதிகம் இருக்கிறது, நேரம் போதவில்லை” என்றேன். கஷ்டம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. ஒரு குவியல் கரைந்தால் அடுத்தது தலை நீட்டும். அதனால்தான் ஒவ்வொரு பரீட்சைக்குப் பிறகும் புதிதாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜனவரி முதல் அவள் கடிகாரத்தோடு எழுதிப் பழகினாள்.

அத்தான் அந்த நோட்டை வாங்கி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். “ஸயன்ஸ் வராது என்று நினைத்தேன். பின்னம் வரவில்லை என்று யார் கண்டார்கள்?” என்று அக்காவிடம் சொன்னாராம். காமர்ஸ் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. பாப்பா இப்போது பிளஸ் ஒன்னில் உயிரியல் குரூப்பில் படிக்கிறாள். பெளதிகத்தோடு தினம் மல்லுக்கட்டுகிறாள். “எனக்கு மூளை அவ்வளவுதான்” என்பதை மட்டும் அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. “இது எந்தக் குவியல் என்று பார்க்கணும் சித்தி” என்கிறாள்.

இப்போது என் மேஜைமேல் இருக்கும் அஞ்சலட்டைக்கு வருகிறேன்.

அன்பரே, அல்லது அம்மணி, உங்கள் விலாசம் இல்லாததால் இந்தப் பக்கத்திலேயே பதில் எழுதுகிறேன். உங்கள் வயதையோ பாடத்தையோ நீங்கள் சொல்லவில்லை என்று நான் குறைப்படவில்லை. எங்கே இடிக்கிறது என்று தெரிந்திருந்தால் நீங்கள் அட்டை எழுதியிருக்கவே மாட்டீர்கள். பாப்பாவுக்கும் தெரிந்திருக்கவில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

கடைசியாக மார்க் இழந்த விடைத்தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விடைத்தாள் இல்லாத படிப்பு என்றால், போன வாரம் படித்த இரண்டு பக்கத்திலிருந்து பத்துக் கேள்விகளை வீட்டில் யாரையாவது எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும், மூடிக்கொண்டு ஒரு தடவை. ஒரு சொல் எடுத்துக் கொடுக்கச் சொல்லி ஒரு தடவை. திறந்துவைத்துச் சொந்த வார்த்தையில் ஒரு தடவை. மூன்று பத்தியில் எண்ணுங்கள். ஒரு மாலை நேரம் போதும்.

பிறகு இன்னோர் அட்டை போடுங்கள். இந்தத் தடவையும் ஒரு வரி எழுதினால் போதும்: எந்தக் குவியல் பெரிது என்று. விலாசத்தை மட்டும் மறக்க வேண்டாம்!